அக்கா அனுப்பிய வீட்டு வரைபடப் புகைப்படம்: கேட்பது என்னவென்று எப்படி அறிவது?

கேள்வி

என் அக்கா வீட்டு வரைபடத்தின் புகைப்படம் ஒன்றை ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிட்டார், இரவில் அழைப்பார். அறைகளின் அமைப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கிறாரா, சாமான்களை எங்கே போடலாம் என்று கேட்கிறாரா, விடுபட்ட அளவுகளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை. படத்தில் ஹாலின் முன்சுவருக்கு மட்டும் 12 அடி என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பின்பக்கப் படுக்கையறையின் பின்சுவரை ஒட்டிப் பென்சிலால் ஒரு செவ்வகம் வரையப்பட்டுள்ளது. அதே அறையின் கதவருகே இன்னொரு செவ்வகம் வரைந்து அழிக்கப்பட்ட தடம் தெரிகிறது. காகிதத்தின் ஒரு மூலை புகைப்படத்தில் விடுபட்டிருக்கிறது.

மறுமொழி: வீடு கட்டி முடித்தவர்

என் தம்பியும் இப்படித்தான் அனுப்பினார். சமையலறையும் கழிப்பறையும் அடுத்தடுத்து இருப்பதைப் பற்றி நான் நீளமாக எழுதினேன். அவருக்குத் தேவைப்பட்டதோ தரை ஓடு வாங்குவதற்கான பரப்பளவு மட்டுமே. உங்கள் படத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், காற்றோட்டம் சரியா என்று பார்த்துவிடலாம்.

மறுமொழி: தச்சு வேலை செய்பவர்

பென்சில் செவ்வகம் என்றால் அது சாமான்தான். 12 அடிச் சுவர் திரையில் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதே கணக்கில் செவ்வகத்தையும் அளந்து பாருங்கள். கட்டிலா மேசையா என்பது தெரிந்துவிடும்.

கேட்டவர்

கணினித் திரையில் அளந்தேன், ஐயா. ஹால் சுவர் 12 சென்டிமீட்டர், ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அடி. செவ்வகம் சுவரோரமாக 4.2 சென்டிமீட்டர், அதாவது நாலே கால் அடிக்குச் சற்றுக் குறைவு. படுக்கையறைப் பின்சுவர் 10 சென்டிமீட்டர், எனவே 10 அடி. நாலே கால் அடியில் எந்தக் கட்டிலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுமொழி: வரைபடம் வரைபவர்

தச்சர் சொன்ன வழி நேர்மேலே இருந்து எடுத்த படத்துக்குத்தான் பொருந்தும். கைப்பேசியைச் சாய்த்து எடுத்தால் அருகில் உள்ள பக்கம் பெரிதாகவும் தொலைவில் உள்ள பக்கம் சிறிதாகவும் விழும். வீட்டின் வெளிக்கோடு செவ்வகமாக இருந்தால் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள். உண்மையில் இரண்டும் ஒரே நீளம்.

கேட்டவர்

செவ்வகம்தான். முன்விளிம்பு 24 சென்டிமீட்டர், பின்விளிம்பு 20 சென்டிமீட்டர்.

மறுமொழி: வரைபடம் வரைபவர்

அப்படியானால் பின்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 1.2 அடி. படுக்கையறைப் பின்சுவர் 10 அடி அல்ல, 12 அடி. செவ்வகமும் ஏறத்தாழ 5 அடி ஆகிறது, அது இருவர் படுக்கும் கட்டிலின் வழக்கமான அகலம். இந்தத் திருத்தம் முன்விளிம்புக்கு இணையாக ஓடும் கோடுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதை மறந்துவிடாதீர்கள். முன்னிருந்து பின்னோக்கிச் செல்லும் சுவர்கள் வேறு விதத்தில் சுருங்குவதால், அறையின் ஆழத்தை இந்தக் கணக்கில் சொல்ல முடியாது. அழிக்கப்பட்ட தடம் கதவு திறக்கும் வளைகோட்டை வெட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்

ஆம், வளைகோடு அந்தத் தடத்துக்குள் ஏறத்தாழ பாதி வரை நுழைகிறது.

மறுமொழி: வரைபடம் வரைபவர்

அக்கா முதலில் கட்டிலை அங்கே வரைந்து, கதவு இடிக்கும் என்று கண்டு, பின்சுவருக்கு மாற்றியிருக்கிறார் என்றே நான் எண்ணுகிறேன். புதிய இடத்தில் 12 அடியில் கட்டில் போக 7 அடி மிஞ்சுகிறது. பக்கச் சுவரில் 2 அடி ஆழமுள்ள அலமாரி வைத்தாலும், கட்டிலின் இருபுறமும் இறங்கி நடக்க இரண்டிரண்டு அடிக்கு மேல் கிடைக்கும். உங்கள் முதல் கணக்குப்படி 10 அடி அறையில் நாலே கால் அடிச் சாமான் என்று பதில் சொல்லியிருந்தால் அவர் குழம்பியிருப்பார்.

மறுமொழி: தச்சு வேலை செய்பவர்

சாய்வை நான் எண்ணவில்லை, நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் கதவு இடிப்பதைக் கண்டவர் கட்டிலுக்குப் பதிலாகக் கதவையே மாற்றலாமா என்றும் கேட்கக்கூடும் அல்லவா? கீல்களை மறுபக்க நிலைக்காலுக்கு மாற்றினால் வளைகோடு மறுபுறம் போய்விடும், பழைய இடமே பயன்படும்.

மறுமொழி: வரைபடம் வரைபவர்

கேட்கலாம், அதை இந்தப் படத்திலிருந்து என்னால் முடிவு செய்ய இயலாது. அக்கா அழைத்ததும் கதவு பொருத்தியாகிவிட்டதா என்று கேளுங்கள். பொருத்தியாகிவிட்டது என்றால் பேச்சு பெரும்பாலும் சாமான் இடத்தைப் பற்றித்தான், இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது என்றால் அமைப்பைப் பற்றியும் பேசலாம். 12 அடி என்பது சுவரின் உள்அளவா, சுவர்க் கனம் சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 9 அங்குலச் சுவராக இருந்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடி குறையும். அப்போது நான் சொன்ன 7 அடி ஐந்தரை ஆகி, அலமாரி போக நடக்க மிஞ்சுவது மூன்றரை அடிதான்.

கேட்டவர்

அறையின் ஆழத்தை அறிய வேறு வழி உண்டா? காகிதம் ஏ4 போலத் தெரிகிறது, நடுவில் மடிப்பும் இருக்கிறது.

மறுமொழி: வரைபடம் வரைபவர்

ஏ4 என்றால் 29.7க்கு 21 சென்டிமீட்டர். விடுபட்ட மூலைக்குச் செல்லும் இரு விளிம்புகளையும் நீட்டி, அவை சந்திக்கும் புள்ளியை மூலையாகக் கொண்டு, ஆவண ஸ்கேன் செயலியில் நான்கு மூலைகளையும் அந்த விகிதத்துக்கு நேராக்கினால் ஆழமும் ஓரளவு கிடைக்கும். மடிப்பு மேலெழும்பி இருந்தால் அதன் இருபுறமும் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். அப்படித் தெரிந்தால் அந்த எண்ணை நம்பாமல், காகிதத்தைத் தட்டையாக விரித்து மீண்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.