நுங்குக்காரப் பையனின் கால் மணலில் வழுக்குகிறது: நடைக்கு 4 பிரேமா, 8 பிரேமா?

தேரிமணல்: திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டை வைத்து ஒரு சிறு விளையாட்டு செய்கிறேன். தலையில் நுங்குப் பெட்டி சுமக்கும் பையன்தான் நாயகன். 32×32 கட்டம், நிற்க 4, நடக்க 4, குதிக்க 4 பிரேம்கள், ஷீட் 128×96. ஒரு பிரேமுக்கு 100 மில்லி விநாடி, நடைவேகம் விநாடிக்கு 60 பிக்சல். நடக்கும்போது கால் மணலில் ஊன்றாமல் வழுக்குகிறது. 4 பிரேம் போதாதா?

பாளைக்காரன்: போதாது தம்பி. 8 பிரேம் வரையுங்கள். காலை ஊன்றியதும் உடல் தாழ வேண்டும், பிறகு எழ வேண்டும். நான்கில் அதற்கு இடமே இல்லை. தலையில் சுமை இருக்கிற பையனுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் உயிர்.

ஆற்றங்கரை: வழுக்கலுக்கும் பிரேம் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. தம்பி, முன்கால் ஊன்றும்போது பாதம் உடலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை பிக்சல் முன்னால் இருக்கிறது?

தேரிமணல்: 4 பிக்சல், அக்கா. அடுத்த பிரேமில் நேர் கீழே வருகிறது. அதற்கடுத்ததில் 4 பிக்சல் பின்னால்.

ஆற்றங்கரை: அங்கேதான் கோளாறு. ஊன்றிய பாதம் பிரேமுக்கு 4 பிக்சல் பின்னுக்குப் போகிறது. விநாடிக்குப் பத்துப் பிரேம் என்றால் 40 பிக்சல். நிரலோ உடலை 60 பிக்சல் தள்ளுகிறது. மிச்சமுள்ள 20 பிக்சல்தான் உங்கள் கண்ணில் படும் வழுக்கல். பாதத்தை 6 பிக்சல் முன்னே எட்டி வைத்து வரைந்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அவ்வளவு சிறிய உருவத்துக்கு அது தாவி நடப்பதுபோல் தோன்றும். அதைவிட, நேரத்தைப் பார்த்துப் பிரேமை மாற்றாமல், நடந்த தூரத்தைப் பார்த்து மாற்றுங்கள்:

```
frame = int(distance / 4) % 4
```

வேகம் கூடினாலும் குறைந்தாலும் பாதம் மணலில் ஊன்றி நிற்கும்.

பாளைக்காரன் சொல்வதுபோல் அதே காலடி வீச்சை 8 பிரேமாகப் பிரித்து, 100 மில்லி விநாடியையும் மாற்றாமல் விட்டால், பாதம் விநாடிக்கு 20 பிக்சல்தான் பின்வாங்கும். வழுக்கல் இன்னும் மோசமாகும்.

பாளைக்காரன்: கணக்கை ஒப்புக்கொள்கிறேன். நடை உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அது மறுக்கவில்லையே?

ஆற்றங்கரை: மறுக்கவில்லை. 4 பிரேமிலும் ஓரளவு கொண்டுவரலாம்: கால்கள் விரிந்திருக்கும் பிரேமில் உடல் 1 பிக்சல் கீழே, கால்கள் கடக்கும் பிரேமில் மேலே. தம்பி, தூரத்துக் காலின் நிறத்தை ஒரு படி கருமையாக்குங்கள். இல்லாவிட்டால் வலக்கால் எது, இடக்கால் எது என்றே தெரியாது; நான்கு பிரேமும் இரண்டாகத் தெரியும்.

பனைவிடலி: எனக்கும் இதே பிரச்சினை. என் மாட்டுவண்டிக்காரன் சும்மா நிற்கும்போதே இடமும் வலமும் நடுங்குகிறான். தூரக் கணக்கு அவனுக்கும் பொருந்துமா?

ஆற்றங்கரை: அண்ணாச்சி, உங்களுடையது வேறு நோய். நிற்கும்போதே நடுங்கினால் ஷீட்டில்தான் பிழை. Aseprite-இல் ஏற்றுமதி செய்யும்போது `Trim Cels` போட்டிருக்கிறீர்களா? அது ஒவ்வொரு பிரேமிலும் காலியான ஓரத்தை வெட்டிவிடும். கை நீண்டிருக்கும் பிரேம் அகலமாகவும் மற்றது ஒடுங்கியும் வெளிவரும். நடுவை வைத்து ஒட்டினால் உருவம் குலுங்கத்தான் செய்யும். அதை எடுத்துவிட்டு, எல்லாக் கட்டத்திலும் பாதம் ஒரே வரிசையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பனைவிடலி: போட்டிருந்தேன். எடுத்ததும் நின்றுவிட்டது.

தேரிமணல்: தூரத்தை வைத்து மாற்றினேன், பாதம் ஊன்றுகிறது. இப்போது குதித்தல். பையன் கட்டத்துக்குள்ளேயே 10 பிக்சல் எழும்புவதாக வரைந்திருக்கிறேன். நிரலும் அவனைத் தூக்குவதால், மேட்டைத் தாண்டிவிட்டதுபோல் தெரிகிறது. ஆனால் இடித்து விழுகிறான்.

பாளைக்காரன்: உயரத்தை நிரலிடம் விட்டுவிடுங்கள் தம்பி. மோதலைப் பார்க்கும் பெட்டி கீழே இருக்க, படம் மட்டும் மேலே போனால் அப்படித்தான் ஆகும். தோரணையை மட்டும் வரையுங்கள்: குனிதல், எழுதல், விழுதல், தரையில் அமுங்குதல். எழும்போது துண்டின் நுனி கீழே இழுபடட்டும். விழும்போது 2 பிக்சல் மேலே பறக்கட்டும். அந்த இரண்டு பிக்சலில் காற்றே தெரியும்.

ஆற்றங்கரை: இதில் முழுதும் உடன்படுகிறேன். இன்னொன்று, குதித்தலை லூப்பாகச் சுற்ற விடாதீர்கள். உயரமான பாறையிலிருந்து விழும்போது நேரம் கூடும். பையன் நடுவானில் மறுபடி குனிவான். மேல்நோக்கிய வேகம் இருக்கும்வரை எழும் பிரேம், கீழ்நோக்கித் திரும்பியதும் விழும் பிரேம் என்று பிடித்துவையுங்கள். குனியும் பிரேமை மட்டும் நான் எடுத்துவிடுவேன். பொத்தானை அழுத்திய பிறகு பையன் குனிந்துகொண்டிருந்தால், ஆடுகிறவர் கைக்குத் தாமதம் உறைக்கும்.

பாளைக்காரன்: தலையில் பெட்டி நிறைய நுங்கு இருக்கிறது அக்கா. குனியாமல் குதித்தால் வெறும் அட்டைப்பெட்டி போல் இருக்கும். 50 மில்லி விநாடி கொடுத்துப் பார்க்கலாமே.

ஆற்றங்கரை: அந்தக் கனத்தைத் தரையில் அமுங்கும் பிரேமில் காட்டுங்கள். பெட்டி உடலைவிட ஒரு பிரேம் தாமதமாகத் தாழட்டும்.

தேரிமணல்: இரண்டையும் செய்து, ஊர்ப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஆடச் சொல்கிறேன். குனியும் பிரேம் ஷீட்டிலேயே இருக்கட்டும்; இப்போதைக்கு அழிக்கவில்லை.