பதிவேட்டில் 17 கையெழுத்து, ஆனால் கோரம் இல்லை: தீர்மானம் செல்லுமா?

வேளச்சேரி செயலாளர்:
எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானது. துணை விதிப்படி வீட்டுக்கு ஓர் உறுப்பினர். பொதுக்குழுவின் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வந்திருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, மூன்றில் ஒரு பங்கு: 16 பேர். சென்ற மாதக் கூட்டத்தில் 17 கையெழுத்து விழுந்ததும் தொடங்கிவிட்டோம். பராமரிப்புக் கட்டணத்தை 2,500 ரூபாயிலிருந்து 3,200 ஆக்கினோம். ஒருவரும் எதிர்க்கவில்லை.

கூட்டத்திற்கு வராத உரிமையாளர் ஒருவர் நேற்று பதிவேட்டைக் கேட்டு வாங்கி எண்ணினார். மூவர் வாடகைக்கு இருப்பவர்கள். பி-4 வீட்டில் கணவர், மனைவி இருவருமே கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆக 13 தான். பழைய கட்டணம்தான் தருவேன் என்கிறார். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் இது. என்ன செய்வது?

செம்பூர்வாசி:
கவலையே வேண்டாம். அரை மணி நேரம் காத்திருந்தால் போதும், வந்திருப்பவர்களே கோரம். மும்பையில் எங்கள் சொசைட்டியில் ஆண்டுதோறும் இப்படித்தான் நடக்கிறது.

பழைய பொருளாளர்:
மும்பையில் அது சரி. அங்கே வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளிலேயே, ஒத்திவைத்த கூட்டத்திற்குக் கோரம் தேவையில்லை என்று இருக்கிறது. அறிவிப்பிலும் முன்கூட்டியே அச்சிட்டு விடுவார்கள். இவருடைய சங்கத்திற்கு அதன் துணை விதிதான் பேசும். செயலாளரே, கோரம் சேராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறதா?

அடையாறு அம்மா:
எங்கள் வளாகத்தில் பாதிப் பேர் வெளிநாட்டில். மகன் சார்பாக நான் போனால் கணக்கில் சேர்ப்பதில்லை. மிகவும் வருத்தமாக இருக்கிறது.

வேளச்சேரி செயலாளர்:
இருக்கிறது. அரை மணி நேரத்தில் சேராவிட்டால் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரத்திற்கு ஒத்திவைக்க வேண்டும். அன்று எத்தனை பேர் வந்தாலும் நடத்தலாம்.

பழைய பொருளாளர்:
நீங்கள் ஒத்திவைக்கவில்லையே. அதனால் அந்தச் சலுகையை இப்போது பிடித்துக்கொள்ள முடியாது. நடந்ததை அப்படியே எழுதி வையுங்கள், பதிவேட்டில் ஒரு கையெழுத்தையும் திருத்தாதீர்கள். துணை விதி சொல்லும் நாள் இடைவெளியுடன் புதிய அறிவிப்பு அனுப்புங்கள். 3,200 ரூபாய் என்ற தொகையும், கோரம் சேராவிட்டால் ஒத்திவைத்த கூட்டம் நடக்கும் தேதியும் அதிலேயே இருக்கட்டும். பதிவேட்டில் வீட்டு எண்களை முன்பே எழுதி, எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு கட்டம் விடுங்கள். வாடகைதாரர்களுக்குத் தனித் தாள். அடையாறு அம்மா, உங்கள் விதியில் பதிலாள் அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்களை எண்ணாதது தவறில்லை.

வேளச்சேரி செயலாளர்:
31 வீடுகள் ஏற்கெனவே 3,200 கட்டிவிட்டன. கூடுதல் 700-ஐத் திருப்பித் தர வேண்டுமா?

பழைய பொருளாளர்:
முன்பணமாக வரவு வையுங்கள். புதிய கூட்டம் ஒப்புக்கொண்ட நாளிலிருந்துதான் உயர்வு என்பது என் கருத்து.

செம்பூர்வாசி:
முன்தேதியிட்டு ஒப்புதல் பெறலாம் என்றே நினைக்கிறேன். கட்டியவர்கள் மனமுவந்துதானே கட்டினார்கள்?

பழைய பொருளாளர்:
கட்டியவர்களுக்கு அது பொருந்தலாம். கட்டாதவரிடம் அந்த மாதத்திற்கு எப்படிக் கேட்பீர்கள்?