5 ஏன் கடைசிக் கட்டத்தில் கிடக்கிறது? குவிக்சார்ட் படம் பற்றிய வாக்குவாதம்

நிவி_இரண்டாமாண்டு

பாடக் குறிப்பில் ஒரு படம். [5, 2, 9, 7, 3, 8, 4] என்று தொடங்கி, முதல் எண் 5ஐ பைவட்டாக எடுத்து இரண்டே ஸ்வாப் செய்து [4, 2, 3, 7, 9, 8, 5] என்று முடிக்கிறார்கள். திருப்பித் தரும் இன்டெக்ஸ் 2 என்று போட்டிருக்கிறது. பார்ட்டிஷன் முடிந்ததும் பைவட் தன் சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும் என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்? இங்கே 5 கடைசியில் இருக்கிறது, இன்டெக்ஸ் 2இல் இருப்பதோ 3. படம் தப்பா? படத்தைப் பார்த்து அப்படியே எழுதி ஓட்டினால் 2 4 3 5 7 8 9 என்று வருகிறது. பார்ட்டிஷனைக் கூப்பிடும் இடம் இது:

```
p = partition(a, lo, hi)
sort(a, lo, p - 1)
sort(a, p + 1, hi)
```

செந்தில்_கோடர்

படம் தப்புதான். பைவட்டாகக் கடைசி எண்ணைத்தான் எடுக்கவேண்டும், எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. முதல் எண்ணை எடுத்தால் இப்படித்தான் குழம்பும். 5ஐ முதலில் கடைசிக்குத் தள்ளிவிட்டு [4, 2, 9, 7, 3, 8, 5] என்று ஆரம்பியுங்கள். i என்பது சின்ன எண்களின் எல்லை, j ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். 4 சின்னது, 2 சின்னது, அவை ஏற்கெனவே முன்னால் இருப்பதால் தன்னோடு தானே ஸ்வாப் ஆகும், ஒன்றும் மாறாது. 9, 7 பெரியவை, விட்டுவிடலாம். 3 வந்ததும் அது 9இன் இடத்துக்குப் போகும்: [4, 2, 3, 7, 9, 8, 5]. 8 பெரியது. கடைசியாக 5ஐ 7ஓடு மாற்றினால் [4, 2, 3, 5, 9, 8, 7]. பைவட் இன்டெக்ஸ் 3இல் உட்கார்ந்துவிட்டது. உங்கள் படம் அந்தக் கடைசி ஸ்வாப்பை விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

மேசைவிளக்கு

செந்தில், நீங்கள் போட்ட கணக்கு சரி, படத்தைப் பற்றிச் சொன்னது சரியில்லை. நீங்கள் செய்து காட்டியது லொமுட்டோ முறை. படத்தில் இருப்பது ஹோர் முறை. கடைசி ஸ்வாப்புக்கு முன்னால் உங்களுக்கு வந்த வரிசையும் படத்தின் கடைசி வரியும் ஒன்றாக இருப்பது இந்த எண்களுக்கு அமைந்த தற்செயல். அதை வைத்து "ஒரு ஸ்வாப் விட்டுப்போச்சு" என்று சொல்லமுடியாது.

நிவி, பேப்பரில் போட்டுப் பாருங்கள். இங்கே 5 என்பது இடம் இல்லை, வெறும் மதிப்பு. அதை தனியாக ஒரு மாறியில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். i இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம் நகரும், 5ஐவிடச் சின்னது இருக்கும்வரை தாண்டிப்போகும். j வலது ஓரத்திலிருந்து இடப்பக்கம் வரும், 5ஐவிடப் பெரியது இருக்கும்வரை தாண்டிவரும். முதல் சுற்றில் i உடனே இன்டெக்ஸ் 0இல் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அங்கே இருப்பது 5, அது 5ஐவிடச் சின்னது இல்லை. j இன்டெக்ஸ் 6இல் 4ஐப் பார்த்து நிற்கிறது. ஸ்வாப். 5 கடைசிக்குப் போனது இந்த இடத்தில்தான், பைவட் என்ற சலுகை எதுவும் அதற்குக் கிடையாது, மற்ற எண்களைப் போல அதுவும் தூக்கி எறியப்படும். இப்போது [4, 2, 9, 7, 3, 8, 5]. அடுத்து i 2ஐத் தாண்டி 9இல் நிற்கிறது, j 8ஐத் தாண்டி 3இல் நிற்கிறது. ஸ்வாப், [4, 2, 3, 7, 9, 8, 5]. அடுத்து i இன்டெக்ஸ் 3இல் 7ஐப் பார்த்து நிற்கும். j 7ஐயும் தாண்டி இன்டெக்ஸ் 2இல் 3க்கு வரும். இரண்டும் ஒன்றையொன்று கடந்துவிட்டன, அதனால் j, அதாவது 2 திரும்பி வருகிறது.

அந்த 2க்கு அர்த்தம் ஒன்றுதான்: 0 முதல் 2 வரை இருப்பது எதுவும் 5க்கு மேல் இல்லை, 3 முதல் 6 வரை இருப்பது எதுவும் 5க்குக் கீழ் இல்லை. கோடு எங்கே விழுந்தது என்று மட்டும் அது சொல்கிறது. இன்டெக்ஸ் 2இல் இருப்பது இறுதி இடத்துக்கு வந்துவிட்டது என்று அது சொல்லவே இல்லை. உங்கள் sort அப்படி நினைத்துக்கொண்டு அந்த 3ஐ இரண்டு பக்கமும் சேர்க்காமல் விட்டுவிட்டது, இடப்பக்கம் 4, 2 மட்டும் போய் 2, 4 ஆகித் திரும்பியது. அதனால்தான் 2 4 3. லொமுட்டோவின் அழைப்பையும் ஹோரின் பார்ட்டிஷனையும் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். இப்படி இருக்கவேண்டும்:

```
sort(a, lo, p)
sort(a, p + 1, hi)
```

குமார்_தஞ்சை

எனக்கும் இதே பிரச்சினைதான், பைவட்டை எப்படி எடுத்தாலும் தகராறு. கல்லூரியில் நாலாயிரம் மாணவர் பட்டியலை பைத்தானில் வரிசைப்படுத்தினேன், முதல் எண்ணை பைவட்டாக வைத்து. ஏற்கெனவே வரிசையாக இருந்த பதிவெண் என்பதால் `RecursionError` வந்தது. சமவாய்ப்பாக எடுக்கச் சொன்னார்கள், மாற்றினேன், சரியாகிவிட்டது. அப்புறம் அதே நிரலை பிரிவு வாரியாக ஓட்டினால், அதில் ஏ, பி என்று இரண்டே மதிப்புகள், மறுபடியும் அதே பிழை. சமவாய்ப்பும் வேலைக்கு ஆகவில்லையே?

மேசைவிளக்கு

இது நிவி கேட்டதே இல்லை, ஆனால் நல்ல கேள்வி. செந்தில் காட்டிய முறையில்தானே எழுதியிருக்கிறீர்கள்?

குமார்_தஞ்சை

ஆமாம், அவர் எழுதியது மாதிரியேதான், `<=` போட்டு. ஒப்பீடு மட்டும்தான் என்னுடையது.

மேசைவிளக்கு

சரி. எல்லாம் ஒரே மதிப்பாக இருக்கும் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டு ஏ. லொமுட்டோவில் ஒவ்வொரு ஏவும் பைவட்டுக்குச் சமம், அதனால் எல்லாம் "சின்னது" பக்கம் போய், பைவட் கடைசியிலேயே நின்றுவிடும். பிரிவு 7க்கு 0. அடுத்தது 6க்கு 0. எந்த ஏவை பைவட்டாக எடுத்தாலும் ஏதான், சமவாய்ப்பு என்ன செய்யும்? `<=` என்பதை `<` ஆக்கினால் இதே கதை தலைகீழாக நடக்கும், பைவட் முதல் இடத்தில் நிற்கும். உங்கள் பட்டியலில் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு படி ஆழம், பைத்தான் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை 1000.

ஹோரில் i, j இரண்டுமே சமமானதைக் கண்டதும் நின்றுவிடும். எட்டு ஏவில் 0உம் 7உம் மாறும், 1உம் 6உம், 2உம் 5உம், 3உம் 4உம். ஒரே எழுத்தை ஒரே எழுத்தோடு மாற்றுவது வீண் வேலை மாதிரித்தான் தெரியும், ஆனால் முடிவில் 3 திரும்பி வந்து பாதிக்குப் பாதி பிரிந்துவிடும். அந்த வீண் நாலு ஸ்வாப்பைச் சேமிக்கலாம் என்று யாராவது `<` இருக்கும் இடத்தில் `<=` போட்டால் i வரிசையின் ஓரத்தையும் தாண்டி ஓடிவிடும்.

செந்தில்_கோடர்

எல்லாம் சரி சார், ஆனால் தேர்வில் கையால் போட்டுக்காட்ட எது சுலபம்? லொமுட்டோவில் ஒரு சுற்று முடிந்தால் ஒரு எண் நிச்சயமாக இறுதி இடத்தில் இருக்கும், வட்டம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். மாணவர் சரிபார்க்க முடியும். ஹோர் படத்தில் வட்டம் போட எதுவுமே இல்லை. நிவியே அதனால்தான் குழம்பினார். `p`, `p - 1` என்று ஒரு எழுத்து மாறினால் ஓசையில்லாமல் தப்பான விடை வருகிற ஒன்றை முதலில் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, நானும் இப்போது ஹோரை எழுதிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அழைப்போடு. பைவட்டை மட்டும் `a[hi]` என்று வைத்தேன். நிரல் முடியவே இல்லை, கடைசியில் ஆழம் தாங்காமல் விழுந்தது.

மேசைவிளக்கு

விழத்தான் செய்யும். [1, 2] மட்டும் போட்டுப் பாருங்கள். பைவட் 2. i 1ஐத் தாண்டி இன்டெக்ஸ் 1இல் நிற்கும், j அதே இன்டெக்ஸ் 1இல் நிற்கும். திரும்பி வருவது 1. அடுத்த அழைப்பு 0 முதல் 1 வரை, அதாவது அதே [1, 2]. பைவட் கடைசி எண்ணாகவும் அதுவே பெரியதாகவும் இருந்தால் துண்டு சுருங்காது. முதல் எண்ணையோ, `(lo + hi) / 2`ஐக் கீழ்நோக்கி முழுமையாக்கி வரும் நடு எண்ணையோ எடுத்தால் j எப்போதும் hiக்கு முன்னாலேயே நிற்கும், ஆபத்தில்லை. நடுவை மேல்நோக்கி முழுமையாக்கினால் இரண்டு எண் துண்டில் மறுபடி கடைசி எண்தான் வரும், மறுபடி இதே கதி. நிறைய பேர் மாட்டுவது இங்கேதான்.

கற்பிக்க எது சுலபம் என்பதில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் படத்தைத் தப்பு என்று சொல்லாதீர்கள்.

பழைய_ஃபோர்ட்ரான்

ரெண்டு பேரும் "ஹோர் முறை" என்று சொல்வதைப் பார்த்தால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹோர் 1961இல் வெளியிட்ட பார்ட்டிஷனில் பைவட் சமவாய்ப்பாகத்தான் எடுக்கப்பட்டது, இரண்டு பக்கமிருந்தும் தேடி மாற்றி முடித்த பிறகு பைவட்டையும் எல்லையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதை ஒதுக்கியே இரண்டு பக்கத்தையும் கொடுத்தார். நிவியின் படத்தில் இருப்பது பின்னால் எளிமையாக்கிய வடிவம். செந்தில் தம்பி கேட்கும் வட்டம் மூலத்திலேயே இருந்தது.

செந்தில்_கோடர்

பார்த்தீர்களா, அப்படியானால் நான் கேட்டது நியாயம்தானே. எளிமையாக்குகிறேன் என்று அதைத் தூக்கியது யார்?

மேசைவிளக்கு

அது நியாயம்தான், ஆனால் பைவட்டை இடத்தில் வைக்க எல்லைகளைச் சரிபார்த்து, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து நகர்த்தவேண்டும். கடைசி வடிவம் அந்தத் தொல்லையில்லாமல் குறுகலாக இருக்கிறது. எது நல்லது என்று இதில் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை.

நிவி_இரண்டாமாண்டு

`p - 1`ஐ `p` ஆக்கினேன், 2 3 4 5 7 8 9 வந்தது. குமார் அண்ணாவுக்கு நீங்கள் சொன்ன மாதிரி எட்டு ஒரே எண்ணையும் போட்டேன், முடிந்தது. ஆனால் ஆய்வகத் தேர்வில் "முதல் சுற்றுக்குப் பின் பைவட்டின் இடம்" என்று ஒரு கட்டம் நிரப்பச் சொல்வார்கள். இந்தப் படத்துக்கு அங்கே 6 என்று எழுதுவதா, 2 என்று எழுதுவதா?

செந்தில்_கோடர்

3 என்று எழுதுங்கள், லொமுட்டோ போட்டு. திருத்துகிறவர் அதைத்தான் வைத்திருப்பார்.

மேசைவிளக்கு

5 கிடப்பது 6இல், கோடு விழுந்தது 2க்கும் 3க்கும் நடுவில். இரண்டையும் எழுதி, எந்த முறை என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள் ம்மா. மார்க் போடுவாரா என்பது திருத்துகிறவரைப் பொறுத்தது.