வார இறுதி விண்டோஸ் மாற்றம்: ‘ரிக்கவரி கீ’க்கு என்ன சொல்?

திருகோணமலை, உட்துறைமுக வீதி, கணினிப் பிரிவு

வணக்கம். வரும் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறுக்குள் எங்கள் கணினிகளை விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாற்றுகிறோம். 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஓடு முடிந்ததால் இனித் தள்ளிப்போட வழியில்லை. ஊழியர்களுக்கான அறிவித்தல் எழுதி முடித்துவிட்டேன், ஒரு வரியைத் தவிர: “வெள்ளி நான்கு மணிக்கு முன் உங்கள் மடிக்கணினியின் ______ எங்களிடம் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.” வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் கேட்கும் அந்த ரிக்கவரி கீயைத்தான் சொல்கிறேன். ‘மீட்புச் சாவி’ என்று எழுதினேன், ஆனால் எங்கள் பக்கத்தில் யார் சாவி என்கிறார்கள்? திறப்புதான். ‘மீட்புத் திறப்பு’ என்றால் ஏதோ திறப்பு விழா போல இருக்கிறது.

மூதூர் கிளை

சேர், நான் போன மாதம்தான் கடவுச்சொல் மாற்றினேன். அதை எழுதி அனுப்பினால் போதுமா?

உட்துறைமுக வீதி

ஐயோ தங்கச்சி, கடவுச்சொல்லை எங்களுக்குக்கூட அனுப்ப வேண்டாம். இது வேறு: நீங்கள் வைத்தது அல்ல, கணினி தானாக உண்டாக்கிய 48 இலக்கங்கள். மற்றவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள், ‘சாவி’ என்றதும் இப்படித்தான் விளங்கப்படுகிறது.

சென்னை

கணினித் தமிழில் ‘திறவுகோல்’ ஏற்கெனவே இருக்கிறதே, ‘மீட்புத் திறவுகோல்’ என்று போடுங்கள். ஆனால் சொல்லைவிடப் பெரிய பிரச்சினை வேறு. பிட்லாக்கர் போட்ட எல்லாக் கணினியும் புதிய விண்டோஸ் ஏறியதும் அதைக் கேட்கும். திங்கள் காலை எல்லார் மேசையிலும் நீலத் திரைதான்.

ஓர்ஸ் ஹில்

தம்பி சொல்வது பாதி சரி. விண்டோஸை மட்டும் மாற்றினால், நிறுவும் செயலியே பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, முடிந்ததும் திரும்பப் போட்டுவிடும். பொதுவாக எதையும் கேட்காது. கேட்க வைப்பது அதற்கு முந்திய வேலை. 11-க்கு ரீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் பழைய மடிக்கணினிகளில் கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸைப் புதுப்பிப்போம், அமைப்புகளைத் தொடுவோம். வன்தட்டைத் திறந்துவிடும் இரகசியம் அந்த ரீபிஎம் சில்லில்தான் இருக்கிறது. தொடங்கும் விதம் மாறிவிட்டது என்று கண்டால் சில்லு அதைக் கொடுக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு கிளையில் சனிக்கிழமை அப்படி ஒரு மடிக்கணினி நின்றுவிட்டது. பொறுப்பாளரிடம் அச்சிட்ட தாள் இருந்தது, போட்டார், ஏற்கவில்லை. எந்தப் பூட்டுக்கு எந்தக் கீ என்று காட்டும் Key ID தாளிலும் இருந்தது; அதன் முதல் எட்டு எழுத்துகள் திரையில் இருந்ததோடு பொருந்தவில்லை, தாள் பக்கத்து மேசைக் கணினியினுடையது. சரியானது சேவையகப் பதிவில் கிடைத்ததால் தப்பினார்கள். அதுவும் இல்லாவிட்டால் வன்தட்டை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான், பின்கதவு கிடையாது.

ஆகவே பயோஸைத் தொடுமுன் நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் முதலாவதைப் போட்டு எண்ணைப் பார்த்துப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், பிறகு இரண்டாவதால் நிறுத்திவையுங்கள்:

```
manage-bde -protectors -get C:
manage-bde -protectors -disable C: -RebootCount 0
```

கடைசியில் 0 போட்டால் நீங்களாக `-enable` கொடுக்கும்வரை பூட்டு திரும்ப விழாது. ஞாயிறு மாலை அதை மறந்துவிடாதீர்கள்.

சொல்லுக்கு வருவோம். திறவுகோல், சாவி, திறப்பு எல்லாமே கையில் பிடிக்கும் பொருளை நினைக்க வைக்கின்றன. ஊழியர் கையில் இருக்கப்போவது ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்கள். நாங்கள் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் என்றுதானே சொல்கிறோம்? ‘மீட்பு இலக்கம்’ என்றால் மூதூர்த் தங்கச்சி கடவுச்சொல்லை அனுப்ப மாட்டார்.

சென்னை

எங்களுக்கு இலக்கம் என்றால் ஒற்றை எண்ணுரு. ‘48 இலக்க மீட்பு இலக்கம்’ என்று படித்தால் குழம்பும். ‘மீட்பெண்’ என்றால் என்ன?

கிண்ணியா

‘மீட்பெண்’ணைத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள், யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பது போல இருக்கும். திங்கள் காலை தொலைபேசியில்தானே வாசித்துக் காட்டப்போகிறோம்? வாசிக்கும்போது ஒவ்வொரு தொகுதியாக நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆறு இலக்கமும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். அதனால் ஓர் எண் பிழைத்தால் அந்தத் தொகுதியிலேயே திரை காட்டிவிடும், 48-ஐயும் முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உட்துறைமுக வீதி

அது நல்ல விஷயம் நானா. சரி, எங்கள் அறிவித்தலில் ‘மீட்பு இலக்கம்’ என்றே போடுகிறேன், சென்னைக்கு வேறு சொல் இருக்கட்டும். Key ID-க்கு ‘இலக்க அடையாளம்’ என்று எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. இப்போதைக்குத் திரையில் இருப்பதையே எழுதுகிறேன். வரி இப்படி: “மீட்பு இலக்கம் உங்கள் கடவுச்சொல் அல்ல. அதை அந்த மடிக்கணினிக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள்.”

மூதூர் கிளை

விளங்கிவிட்டது சேர். வெள்ளிக்கிழமை சார்ஜரையும் கொண்டுவர வேண்டுமா?

உட்துறைமுக வீதி

கட்டாயம். பற்றரியில் மட்டும் ஓடினால் பல கணினிகளில் பயோஸ் புதுப்பிப்பு தொடங்கவே மாட்டாது. அதையும் அறிவித்தலில் சேர்த்துவிடுகிறேன்.