‘டிஸ்சார்ஜ்’ படுத்திய பாடு: அரபியைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்ததில் உங்களுக்குச் சிக்கியது என்ன?

பிழைதிருத்தி

மூன்று வாரமாக இது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். மஸ்கட்டில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஒருங்கிணைப்பு வேலை. குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் இரண்டு பக்கத் தாள் ஒன்று ஆங்கிலத்திலிருந்து அரபிக்குப் போனது. முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவர் அரபியாக்குவார், ஒருவர் அரபியை மட்டும் படித்துத் திருத்துவார், ஆங்கில மூலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொருவர் அந்த அரபியைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். கடைசியில் நான் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன்.

மூலத்தில் ‘ரிப்போர்ட் எனி டிஸ்சார்ஜ் டு த நர்ஸ்’ என்று ஒரு வரி. காயத்திலிருந்து நீரோ சீழோ வடிந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம். திரும்பி வந்த ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்தது இது: மருத்துவமனையிலிருந்து எப்போது வெளியேறினாலும் செவிலியருக்குத் தெரிவிக்கவும்.

திரும்பப் பெயர்த்தவர்தான் உளறிவிட்டார் என்று நினைத்து அரபியைத் திறந்தேன். அதில் ‘குரூஜ்’ என்றே இருந்தது, வெளியேறுதல். இருக்க வேண்டியது ‘இஃப்ராஸாத்’. எப்படி நடந்தது என்பதும் தெளிவு. தாளின் தலைப்பே டிஸ்சார்ஜ் அறிவுரைகள், அதே சொல் மேலே மூன்று இடத்தில் வீட்டுக்கு அனுப்புகிற அர்த்தத்தில் வருகிறது. மென்பொருள் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறது, முந்தைய துண்டில் போட்ட சொல்லையே இங்கேயும் எடுத்து நீட்டுகிறது. காயம் என்ற சொல் அடுத்த துண்டில்தான் வருகிறது. மொழிபெயர்த்தவர் ‘குரூஜ்’ என்று ஒப்புக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

அரபி திருத்துநர் நல்ல அனுபவசாலி, சூடான்காரர். அவர் ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அவரால் பிடித்திருக்கவே முடியாது. அந்த அரபி வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. வார்டை விட்டு வெளியே போனால் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போ என்பது எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடிய விஷயம்தானே.

உறுத்துவது இது இல்லை. போன வருடம் இதே தாளின் பழைய பதிப்பு, அவசரம் என்று திருப்பிப் பெயர்க்காமலே எங்களிடமிருந்து போயிருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். அதிலும் ‘குரூஜ்’.

ஷார்ஜாவாசி

எனக்கும் இதே அனுபவம். என் பிறப்புச் சான்றிதழில் 03/04/1988 என்று இருந்தது. நான் பிறந்தது ஏப்ரல் 3. அரபியாக்கியவர் மாதத்தை எழுத்தில் போட்டு மார்ச் 4 ஆக்கிவிட்டார். சந்தேகம் வந்து வேறு இடத்தில் காசு கொடுத்து அரபியைத் திரும்ப ஆங்கிலமாக்கி வாங்கினேன். அதில் 03/04/1988 என்று வந்தது! சரியாக இருக்கிறதே என்று கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று மனைவியின் விசா ஆறு வாரம் நின்றது. இதில் யாரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது, முதல் ஆளிடமா இரண்டாவது ஆளிடமா?

கீழக்கரையான்

ஷார்ஜா சகோ, பணம் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது, டைப்பிங் சென்டரில் கேளுங்கள். ஆனால் உங்கள் கதையிலும் முறை மேல் குறை இல்லை, இரண்டாவது ஆள் மாதத்தை எழுத்தில் எழுதியிருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும்.

நான் தோஹாவில் எட்டு வருடம் இயந்திரக் கையேடுகள் பார்த்தவன். என் கணக்கு எளிது. திரும்பி வந்த ஆங்கிலம் மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்தினால் அரபி சரி, பொருந்தாத இடத்தில் மட்டும் கை வைத்தால் போதும். ஒருமுறை ‘டோன்ட் ஆப்பரேட் அன்லெஸ் த கார்ட் இஸ் இன் ப்ளேஸ்’ என்ற வரி, காவலாளி தன் இடத்தில் இல்லாவிட்டால் இயக்காதே என்று திரும்பி வந்தது. கார்ட் என்றால் வெட்டும் தகட்டின் மேல் போடும் மூடி. மொழிபெயர்த்தவர் ‘ஹாரிஸ்’ என்று, வாசலில் நிற்கும் காவலாளியைப் போட்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் பிடித்து, மூடி என்ற அர்த்தத்தில் ‘வாக்கி’ என்று மாற்றினோம். அந்தக் கையேட்டில் மற்ற எல்லா வரியும் பொருந்தியது, நிம்மதியாக அச்சுக்கு அனுப்பினோம்.

இரவுப்பணி

பிழைதிருத்தி அக்கா, இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். ரியாத்தில் நர்ஸ். பதினோரு வருடமாக வார்டில் பேசிப் பேசி வந்த அரபி என்னுடையது, பள்ளியில் படித்தது இல்லை. ஒருநாள் மேலாளர் ஒரு அரபித் தாளைக் கொடுத்து, நீதான் நன்றாகப் பேசுகிறாயே, இதை ஆங்கிலத்தில் எழுதித் தா என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. அதில் ‘அலம் ஃபிஸ்ஸத்ர்’ என்று இருந்தது. எங்களுடையது பெண்கள் வார்டு, அங்கே ‘ஸத்ர்’ என்றால் பெரும்பாலும் மார்பகத்தைத்தான் சொல்வார்கள், பால் கட்டிக்கொண்டது, கட்டி இருக்கிறது என்று. நான் மார்பக வலி என்று எழுதிக் கொடுத்தேன்.

மூலம் செஸ்ட் பெயின், நெஞ்சு வலி. அரபியில் எழுதியிருந்ததும் சரியேதான். என் வரியைப் பார்த்து அரபி தப்பு என்று முடிவு கட்டி, ‘ஸத்ர்’ இருந்த இடத்தில் மார்பகத்துக்கு மட்டும் உரிய ‘தத்ய்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். மூலம் எது, என் வரி எது என்பதை யாரோ தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அச்சாகிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். மூச்சுத் திணறல், இடது கை வலி, மார்பக வலி என்று வரிசையாக. அந்தச் சுவர் முன்னால் நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கழற்ற வைக்க நான்கு நாள் ஆனது.

மூன்றாம்நிரல்

கீழக்கரை அண்ணே, மூடி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. பொருந்தினால் சரி என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் நோயாளிகளிடம் கொடுக்கும் கேள்வித்தாள்கள் பார்க்கிறவள். மன நலம் பற்றிய ஒன்றில் ‘ஃபீலிங் ப்ளூ’ என்று வரும், மனம் சோர்ந்திருப்பது. ஒருவர் அதைச் சொல்லுக்குச் சொல் ‘அஷ்உரு பில் அஸ்ரக்’ என்று பெயர்த்துவிட்டார். அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் என்ன வரும்? ‘ஐ ஃபீல் ப்ளூ.’ அப்பழுக்கில்லாமல் பொருந்தும். அரபி படிக்கிறவருக்கோ நீல நிறத்தை உணர்கிறேன் என்று இருக்கும். மூலத்தை எவ்வளவு மேலோட்டமாகப் படித்து அப்படியே எடுத்து வைக்கிறோமோ அவ்வளவு அழகாகத் திரும்பி வரும். உங்கள் கையேட்டிலும் பொருந்திய வரிகளை யாராவது அரபியில் படித்துப் பார்த்தார்களா?

என்னை விடாமல் உறுத்துவது வேறு. ஒரு மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள். மூலத்தில் ‘எவ்ரி அதர் டே’. அரபியில் ‘யவ்ம் பஅத யவ்ம்’ என்று போட்டிருந்தார்கள். திரும்பி வந்தது ‘எவ்ரி அதர் டே’. டிக் போட்டேன். பிறகு வழக்கம்போல நோயாளிகள் சிலரை உட்கார வைத்து, இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்று கேட்டபோது, ஒரு பாட்டி ஏழு விரலையும் மடக்கிக் காட்டினார். சனி, ஞாயிறு, திங்கள், ஒன்று விடாமல். அவருக்கு அது நாளுக்கு நாள், அதாவது தினமும். பக்கத்திலிருந்தவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு பேரும் அரபி பேசியே வளர்ந்தவர்கள், இரண்டு பேர் சொன்னதும் தப்பில்லை.

மொழிபெயர்த்தவர் மூலத்தைத் தினமும் என்று தப்பாகப் படித்தாரா, சரியாகப் படித்து மங்கலாக எழுதினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பப் பெயர்த்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மருந்தாளர். ‘அந்த மாத்திரையை யாரும் தினமும் கொடுக்க மாட்டார்கள் அல்லவா, அதனால் அப்படி எழுதினேன்’ என்றார். அரபியில் எழுதியிருந்ததை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த மருத்துவத்தைப் பெயர்த்திருக்கிறார். கெட்டிக்காரர் ஓட்டையை அடைத்துவிட்டார், எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஒருநாள் சாப்பிடுங்கள், மறுநாள் வேண்டாம் என்று நீட்டி எழுதிய பிறகுதான் தீர்ந்தது.

அதிலிருந்து திரும்பப் பெயர்ப்பவருக்கு நான் எழுதி அனுப்புவது இவ்வளவுதான். அழகாக எழுத வேண்டாம். தப்பு என்று பட்டால் திருத்த வேண்டாம், தப்பாகவே எழுதுங்கள். இரண்டு அர்த்தம் வந்தால் இரண்டையும் எழுதி அரபிச் சொல்லைப் பக்கத்தில் வையுங்கள். இரவுப்பணி அவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் நெஞ்சு, மார்பகம் இரண்டும் எழுதியிருப்பார், சுவரில் அது ஏறியிருக்காது. பொருந்தாத வரியைக் கண்டதும் அரபியில் கை வைக்காதீர்கள், முதலில் இரண்டு பேரையும் கேளுங்கள். ஆய்வாளர் பிரிஸ்லின் 1970-ல் இந்த முறையை எழுதி வைத்தபோதே, சரியான இணை இல்லாத சொற்களுக்கும் இரண்டு பெயர்ப்பாளரும் ஒரே வழக்கச் சொல்லைப் போட்டு ஒத்துப்போய்விடலாம், திரும்பப் பெயர்ப்பவர் மோசமான பெயர்ப்பிலிருந்தும் நல்ல ஆங்கிலம் செய்துவிடலாம் என்று எச்சரித்திருக்கிறார்.

ஏட்டுவாசகன்

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. காயல்பட்டினத்தில் அரபி கற்பிக்கிறேன். மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படித்தால் ‘டிஸ்சார்ஜ்’ பத்து வினாடியில் சிக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் செய்தது அதுதான். மருத்துவப் பிரிவுகள் பற்றிய கிரேக்க மருத்துவர் கேலனின் நூலை இருபது வயது வாக்கில் சிரியாக் மொழியில் பெயர்த்தார், கையில் இருந்ததோ பிழை மலிந்த ஒரே ஒரு கிரேக்கச் சுவடி. நாற்பது வயது வாக்கில் மாணவர் ஹுபைஷ் திருத்தித் தரக் கேட்டபோது பல கிரேக்கச் சுவடிகள் சேர்ந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதலில் மூலத்தைச் செப்பம் செய்தார், பிறகுதான் அந்த மூலத்தோடு வைத்துத் தன் பெயர்ப்பைத் திருத்தினார். தானே எழுதி வைத்திருக்கிறார். ஷார்ஜா தம்பியின் தேதிக்கு இதுதான் பதில். அங்கே மூலமே இரண்டு மாதிரி படிக்க இடம் கொடுக்கிறது, எத்தனை முறை திருப்பினாலும் அது தெளியாது. வேறொரு ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாம்நிரல்

ஐயா, ஹுனைனுக்குக் கிரேக்கமும் தெரியும், அரபியும் தெரியும். எங்கள் தாளுக்குக் கையெழுத்துப் போடும் மருத்துவருக்கு அரபியில் ஒரு எழுத்து தெரியாது. அவர் கண்ணுக்கு வேறு என்ன வழி? இரண்டும் தெரிந்தவர் ஆங்கிலத்தை முதலில் படித்துவிட்டால், அரபியிலும் அதையே பார்த்துவிடுவார். அப்படித் தாண்டிப் போன வரிகளை நான் எடுத்துக் காட்ட முடியும்.

ஏட்டுவாசகன்

அப்படியானால் அரபியை முதலில் படிக்கச் சொல்லுங்கள், மூலத்தை அப்புறம் கொடுங்கள்.

கீழக்கரையான்

பழைய கையேட்டை இன்று திறந்து, அரபியை மட்டும் ஒரு சிரியா நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். பொருந்தியது என்று நான் விட்டவற்றில் இரண்டு வரி அவருக்குப் புரியவில்லை. மொத்தம் எத்தனை என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

பிழைதிருத்தி

எல்லோருக்கும் நன்றி. பழைய தாளைப் பற்றி அந்த மருத்துவமனைக்கு எழுதிவிட்டேன். மிச்சப் பிரதிகளை எடுத்துவிட்டதாக நேற்று பதில் வந்தது. எத்தனை பேர் கைக்குப் போனது, அதில் யாருக்காவது காயத்தில் நீர் வடிந்ததா என்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. நாளைக் காலை மறுபடி எழுதப் போகிறேன்.