குட்டிகளுக்கு வாய்ப்பொருக்கு, பால் கொடுத்த கைக்கும் அதே புண்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல் பட்டி

விளாத்திகுளம் பக்கம் பரண் போட்டுக் கொடியாடு வளர்க்கிறோம். தை மாதம் ஈன்ற குட்டிகளுக்கு ஓர்ஃப் எனும் வாய்ப்புண் வந்து, அது வீட்டு ஆள் கைக்கும் ஏறிவிட்டது. நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள்.

குட்டி ஈனுவதற்குக் கொஞ்சம் முன்னால் சந்தையிலிருந்து இரண்டு சினை ஆடுகள் வாங்கி வந்தோம். அதில் ஒன்றின் கடைவாயில் காய்ந்த பொருக்கு இருந்தது, முள் கீறல் என்று விற்றவர் சொன்னார். பிறகு முதலில் ஒரு குட்டிக்கு உதட்டோரம் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளம், அது உடைந்து பழுப்பு நிறத்தில் தடிப்பாகப் பொருக்கு. அந்தக் குட்டி சப்பிய தாயின் காம்பிலும் புண். தாய்க்கு வலி, குட்டி வாய் வைத்தாலே உதைக்கிறது. அது தெரியாமல் பார்த்தால் தாய் குட்டியைச் சேர்க்கவில்லை என்றுதான் தோன்றும்.

பட்டினி கிடக்கக்கூடாது என்று பாலைக் கறந்து பாட்டிலில் கொடுத்தோம். ஒரே பாட்டில், ஒரே ரப்பர் காம்பு, வரிசையாக எல்லாக் குட்டிக்கும். அடுத்த வாரம் நன்றாக இருந்த குட்டிகளுக்கும் அதே இடத்தில் பொருக்கு. பாட்டில் கொடுத்தது என் மாமியார். குட்டியின் வாயை விரலால் திறந்து காம்பை உள்ளே வைப்பார், தீவனப்புல் அறுத்ததில் ஆள்காட்டி விரலில் அரிவாள் கீறல் ஏற்கெனவே இருந்தது. சில நாளில் அந்த இடத்தில் சிவந்த முடிச்சு, அப்புறம் அது பெரிதாகி நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம், அதைச் சுற்றி மறுபடி சிவப்பு. அக்குளில் நெறி கட்டி, லேசாகக் காய்ச்சலும் வந்தது.

முதலில் காட்டிய இடத்தில் சீழ்க்கட்டி என்று கீறத் தயாரானார்கள். ஆட்டுக்குட்டிகளுக்கு இப்படி இருக்கிறது என்று போட்டோவைக் காட்டியதும் நிறுத்தி, தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கீற வேண்டாம், தானாக ஆறும், மூடி வைத்து ஈரம் படாமல் பாருங்கள் என்றார். ஒன்றரை மாதம் போல ஆனது, தழும்பு கூட இல்லை. மாமியார் ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார், ஒருவருமே இதைக் கேள்விப்பட்டதில்லையாம். அதனால்தான் இங்கே கேட்கிறேன், யாருக்காவது கைக்கு வந்திருக்கிறதா?

வேலிக்காத்தான்

அக்கா, எங்கள் பக்கம் இது வருஷா வருஷம் வரும். வறட்சியில் ஆடுகள் கருவேல முள், இலந்தை என்று கடிக்கும்போது உதட்டில் கீறல் விழும், அதன் பிறகுதான் இது கிளம்பும். கைவைத்தியம் ஒன்றுதான்: பொருக்கை நன்றாக உரித்து ரத்தம் தெரிகிற மாதிரி தேய்த்துவிட்டு, உப்பும் மஞ்சளும் வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுவோம். ஆட்டம்மைத் தடுப்பூசி போட்ட பட்டியில் இது வராது, அதையும் போட்டுவிடுங்கள். கைக்கு வந்ததாக நான் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

தம்பி சொன்னதில் முள் விஷயம் சரி. இந்த வைரஸ் நல்ல தோலைத் துளைத்துப் போகாது, அதற்கு ஒரு கீறல் வேண்டும். முள்மேய்ச்சல், சொரசொரப்பான தீவனத் தொட்டி, குட்டிக்குப் பல் முளைக்கும் நேரத்தில் ஈறில் ஏற்படும் சிராய்ப்பு, எதுவாக இருந்தாலும் போதும். மனிதக் கையிலும் அதே கதைதான், அந்த அம்மாவின் அரிவாள் கீறல்தான் வாசல்.

பொருக்கை உரிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நோயே அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. உரித்தால் கீழே ஆறிக்கொண்டிருக்கிற தோல் கிழிந்து ஆறுவது தள்ளிப்போகும், ரத்தவாடைக்கு ஈ வந்து புழு வைக்கும், உரித்த துண்டு பரணிடுக்கில் விழுந்து அங்கேயே கிடக்கும். காய்ந்த, நிழலான இடத்தில் விழுந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் கூட உயிரோடு இருக்கும். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் தங்கள் கொட்டகைத் தரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உரிக்கிறவரின் நகக்கண்ணுக்குள் போவதும் அதே பொருக்குத்தான்.

நேரடி மருந்து இதற்கு இல்லை. தொந்தரவு இல்லாவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் பொருக்கு தானாக உதிர்ந்துவிடும், நம் வேலை அதுவரை குட்டியைப் பட்டினி போடாமல் காப்பது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் இளஞ்சிவப்பாக மட்டும் கரைத்து நனைத்துத் துடைக்கலாம். வேப்பெண்ணெய் பூசுங்கள், ஈ அண்டாது, பொருக்கும் இளகும். உப்பு வேண்டாம், எரிச்சலில் குட்டி குடிப்பதையே நிறுத்திவிடும். சீழ் வைத்தால்தான் ஆன்டிபயாட்டிக், அதையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பால் கணக்கு சொல்கிறேன். மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவு, நான்கு வேளையாகப் பிரித்து, உடம்புச் சூட்டில். புண் உள்ள குட்டிக்குத் தனி பாட்டில், தனி ரப்பர் காம்பு. நல்ல குட்டிகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, புண் உள்ளவற்றுக்குக் கடைசியில் போங்கள். காம்பில் புண் உள்ள தாயைக் கறப்பதும் கையுறை போட்டுத்தான். மடி சூடாகிக் கெட்டிப்பட்டால் மடிநோய், உடனே காட்டுங்கள்.

ஆட்டம்மைத் தடுப்பூசி இதற்குப் பயன்படாது. பேரளவில் அம்மை வகைதான், ஆனால் கிருமி வேறு. ஒருமுறை வந்து ஆறிய ஆட்டுக்கும் நிரந்தரப் பாதுகாப்பு கிடையாது, மறுபடி வரலாம், பொதுவாக லேசாக வரும். சீம்பால் வழியாகக் குட்டிக்குப் பெரிய காப்பு கிடைப்பதில்லை, அதனால்தான் பழைய ஆடுகள் தப்பிக்க, குட்டிகள் மாட்டிக்கொள்கின்றன.

மேச்சேரி செம்மறி

சார், எங்களிடமும் அதேதான். வாயில் புண், மூக்கில் கெட்டியாகச் சளி, கண்ணில் பீளை, நல்ல காய்ச்சல், நேற்றிலிருந்து கழிச்சல். பெரிய ஆடு ஒன்றும் குட்டி இரண்டும் செத்துவிட்டன. வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் எத்தனை நாளில் ஆறும்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

உங்களுடையது இந்த நோய் இல்லை, தம்பி. சளி, கழிச்சல், காய்ச்சல், பெரிய ஆடே சாவது எல்லாம் சேர்ந்தால் முதலில் ஆட்டுக்கொல்லி நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓர்ஃப் வந்த குட்டி வலியில் தின்னத் திணறும், ஆனால் ஓடியாடும். பொருக்கும் உதட்டு விளிம்பில், முடி தொடங்குகிற இடத்தில் இருக்கும். உங்கள் ஆடுகளுக்கு வாய்க்குள்ளே, ஈறிலும் நாக்கிலும் வெந்தமாதிரி இருக்கிறதா பாருங்கள். எப்படி இருந்தாலும் இன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், செத்த ஆட்டைக் கறிக்கு விற்காதீர்கள், மந்தையை வெளியே ஓட்டாதீர்கள்.

கறிக்கடை பாய்

எங்களுக்கு ஆடு வளர்ப்பு இல்லை, அறுப்புதான். பக்ரீத் முடிந்த அடுத்த வாரம் என் தம்பிக்குக் கட்டைவிரலில் கரிசல் பட்டி அக்கா சொன்ன அதே வளையம் வந்தது. ஆட்டுத்தலை சுத்தம் செய்தது அவன்தான், தாடை எலும்பு குத்திய காயத்தோடு. நாங்கள் எங்கும் போகவில்லை, ஏதோ விஷக்கடி என்று நினைத்தோம். ஆறிவிட்டது. ஆனால் ஆறுகிற நேரத்தில் இரண்டு கையிலும் முழங்காலிலும் சிவப்புத் தடிப்பு வந்து அரித்தது, அது எதனால் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆட்டின் கறியைச் சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது வருமா?

தோல் வார்டு செவிலியர்

பாய், கறி சாப்பிட்டு இது வராது, புண்ணைத் தொட்ட கையில் காயம் இருந்தால்தான் வரும். தம்பிக்கு அப்புறம் வந்த தடிப்பும் இதோடு சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருமி அங்கே பரவுவதில்லை, உடம்பு அதற்குக் காட்டுகிற எதிர்வினை சிலருக்கு இப்படி வெளிப்படும். கண்ணிலோ வாயிலோ புண் வந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

ஆடு மாடு என்று நோயாளி சொல்லாததால்தான் பாதிக் குழப்பம். பார்க்கச் சீழ்க்கட்டி போலவே இருக்கும், கீறினால் சீழ் வராது, ரத்தமும் நீரும்தான் வரும், அந்தக் காயத்தில் வேறு கிருமி ஏறும். அதனால் உள்ளே போனதும் முதல் வரியாக "ஆட்டுக்குட்டிக்கு வாயில் புண், அதைத் தொட்டேன்" என்று சொல்லுங்கள். ஆனால் வலியில்லாமல் நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றி நல்ல வீக்கம், பட்டியில் ஆடு திடீரென்று செத்தது என்றால் கதை வேறு, அடைப்பானா என்று பார்க்க வேண்டும், அன்றே போங்கள்.

பொள்ளாச்சி தென்னை

எங்கள் அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை செய்திருக்கிறோம், தினமும் மாத்திரை. வீட்டில் ஐந்தாறு ஆடு, குட்டிக்கு அவர்தான் பாட்டில் பால் கொடுப்பார், அது அவருக்கு ஒரு சந்தோஷம். கையுறை போட்டால் போதுமா?

தோல் வார்டு செவிலியர்

வாயில் புண் உள்ள குட்டி இருக்கும் வரை அவர் பட்டிக்குள் போகாமல் இருப்பதே நல்லது, கையுறை போதாது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தப் புண் பெரிதாக வளரும், ஆறாமல் இழுக்கும். குட்டிகள் எல்லாம் ஆறிய பிறகு போகலாமா என்பதை அவருடைய சிறுநீரக டாக்டரிடம் கேளுங்கள்.

வேலிக்காத்தான்

சார் சொன்னதைப் படித்த பிறகு எங்கள் அண்ணனிடம் கேட்டேன். போன வருஷம் அவருக்கு விரலில் ஒன்று வந்ததாம், முள் குத்தினது என்று நினைத்தாராம். உரித்தது அவர்தான். ஆனால் வேப்பெண்ணெயும் மஞ்சளும் நான் விடமாட்டேன், எங்கள் குட்டிகள் அதில்தான் ஆறின.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அது இருக்கட்டும், உரிக்காமல் பூசுங்கள்.

கரிசல் பட்டி

நன்றி சார், நன்றி சிஸ்டர். இப்போது ஒரு தகராறு வீட்டில் ஓடுகிறது. பரண் மரச்சட்டம், இடுக்கெல்லாம் பொருக்குத் துகள். கூட்டினால் தூசி பறக்கும் என்று முதலில் தண்ணீர் தெளித்து, கூளத்தையும் வாரி எரித்தாயிற்று. மாமனார் சட்டங்களைக் கேஸ் பர்னரால் வாட்டி எடுத்தால்தான் ஆகும் என்கிறார், வீட்டுக்காரர் மரம் போய்விடும், பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினால் போதும் என்கிறார்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

பிளீச்சிங் சுத்தமான பரப்பில்தான் வேலை செய்யும். புழுக்கையும் பொருக்கும் ஒட்டியிருக்கிற மரத்தில் ஊற்றினால் மேலோடு போய்விடும், முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு இடுக்குவரை பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். வாட்டுவது நல்லதுதான், ஆனால் மரம் கருகாமல் எல்லா இடுக்கிலும் சூடு போகுமா என்பது எனக்கும் சந்தேகம். மரப்பரணில் முழுதாக ஒழித்துவிட்டதாக நான் யாருக்கும் உறுதி சொன்னதில்லை. அடுத்த ஈற்றுக்குக் குட்டிகளை வேறு இடத்தில் வைக்க வழி இருந்தால் அதைச் செய்யுங்கள். சந்தை ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள், அதிலும் வெளியே ஒன்றும் தெரியாமல் கிருமியைச் சுமக்கிற ஆடு தப்பி வரலாம்.

மேச்சேரி செம்மறி

டாக்டர் வந்து பார்த்துவிட்டார் சார், மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். வாய்க்குள்ளே நீங்கள் சொன்ன மாதிரிதான் வெந்திருந்தது. மீதி ஆடுகளைத் தனியாகக் கட்டியிருக்கிறேன்.