சாவி போச்சு, கதவு மறுபடி பூட்டிக்கிச்சு: உங்களுக்கும் நடந்திருக்கா?

வைகைக்கரை

கோடாட்ல ஒரு சின்ன கேம் பண்ணிக்கிட்டு இருக்கேன், பழைய ஜமீன் வீடு, எட்டு ரூமு, ஒவ்வொரு ரூமும் தனி சீன். லீவுக்கு திருமங்கலத்துலேர்ந்து அத்தை பையன் வந்தான், இந்தா வெளையாடுடான்னு லேப்டாப்ப குடுத்துட்டு பக்கத்துல உக்காந்து பாத்தேன்.

நெல்லுக் குதிர் ரூம்ல சாவிய எடுத்தான். முற்றத்துக் கதவை தொறந்தான், மேல சாவி எண்ணிக்கை 1 இருந்தது 0 ஆச்சு. உள்ள போவான்னு பாத்தா "இரு மச்சான், அங்கிட்டு ஒரு பானைய உடைக்காம விட்டுட்டேன்"னு சமையக்கட்டுக்கு போயிட்டு திரும்பி வாரான், கதவு பூட்டிக் கெடக்கு. சாவியும் இல்ல. குதிர் ரூமுக்கு ஓடுனான், அங்கயும் இல்ல. கொஞ்ச நேரம் செவுத்த செவுத்த முட்டிப் பாத்தான், அப்புறம் என் மூஞ்சியப் பாத்தான் பாருங்க, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. "மச்சான் இது ஏமாத்து கேமு"ன்னு எந்திரிச்சு போயிட்டான்.

இதுல கூத்து என்னன்னா ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் இந்தப் பிரச்சினையே இல்ல. அப்ப ரூமுக்குள்ள வரும்போதெல்லாம் சாவியும் மறுபடி மொளைக்கும், கதவும் மறுபடி பூட்டும், ரெண்டும் சேந்து மறந்துரும், யாரும் மாட்ட மாட்டாய்ங்க. ஓசி சாவி கெடைக்குதேன்னு நான்தான் சாவி எடுத்த விஷயத்த மட்டும் ஆட்டோலோட்ல எழுதி வச்சேன். சாவிக்கு ஞாபகம் வந்துருச்சு, கதவுக்கு வரல. பாதி திருத்துனதுதான் வெனையாப் போச்சு.

உங்களுக்கு எந்த ரூம்ல நடந்துச்சு?

மல்லி

எனக்கு யூனிட்டில. வேற சீனுக்கு போனா பழைய சீன்ல இருக்குறதெல்லாம் அழிஞ்சிரும்ல, சரி கதவு அழியாம இருந்தா போதும்னு கதவு மேலயே `DontDestroyOnLoad` போட்டேன். ரன் பண்ணி அடுத்த ரூமுக்கு போனா கதவும் என்கூடவே வந்து சமையல் ரூம் நடுவுல நிக்குது 😭 திரும்பி முதல் ரூமுக்கு வந்தா ரெண்டு கதவு, ஒண்ணு தொறந்தது ஒண்ணு பூட்டுனது, ரெண்டும் ஒரே எடத்துல. கண்ணுக்கு தொறந்திருக்கு, நடந்தா முட்டுது. அரை மணி நேரம் கொலைடர்தான் தப்புன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ரூம் மாறும்போது கதவை ஒளிச்சு வைக்கவும், டபுளா வந்தா ஒண்ணை அழிக்கவும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டேன், இப்ப நல்லா ஓடுது. அதனால நீங்களும் கதவையே அழியாம வச்சுக்கங்க, அதான் ஈஸி.

சிம்மக்கல்_சேது

தம்பிகளா இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நாங்க டிவில கேசட் போட்டு ஆடுன காலத்துல சேவ்ங்கிற பேச்சே கெடையாது. முழுப்பரீட்சை லீவுல காலையில ஆரம்பிச்சு கடைசி பாஸ் வரைக்கும் வந்து, எங்க பெரியண்ணன் "நான் அடிக்கிறேன்"னு ரிமோட்ட புடுங்குன அந்த செகண்டு கரண்டு போச்சு. தெரு முழுக்க இருட்டு. மறுபடி வந்தப்ப முதல் லெவல். இன்னைக்கும் அவன்தான் காரணம்னு நான் சொல்லுவேன்.

தூங்காநகர்87

சேது அண்ணே, உங்க கத சூப்பர், ஆனா அது வேற. கரண்டு போனா மெமரியில இருக்குறது மொத்தமும் போகும். இங்க கேம் ஓடிக்கிட்டேதான் இருக்கு, ரூமு மட்டும்தான் புதுசா பொறக்குது.

மல்லி, நீங்க சொன்னதுதான் எனக்கு ஒத்துக்கல. பாதி சரி, ஏதோ ஒண்ணு அழியாம இருக்கணும், ஆனா அது கதவு இல்ல, கதவு தொறந்துச்சுங்கிற சேதி. நாப்பது கதவு வந்தா நாப்பதையும் ஒளிச்சு வச்சுக்கிட்டே அலைவீங்களா? கதவு செத்துப் பொறக்கட்டும், பொறந்த உடனே "நான் ஏற்கனவே தொறந்தவனா"ன்னு ஒரு எடத்துல கேட்டா போதும்:

```gdscript
@export var id: String

func _ready():
    if World.flags.get(id, false):
        show_open()

func unlock():
    World.flags[id] = true
    show_open()
    $Sound.play()
```

`World` தான் ஆட்டோலோட், `flags` அதுல ஒரு டிக்ஷனரி. `_ready()`ல `unlock()`ஐ கூப்பிடாம `show_open()`ஐ மட்டும் கூப்பிட்டிருக்கேன் பாருங்க, அதுக்குப் பின்னாடிதான் என் கத இருக்கு. எனக்கு கதவு இல்ல, ஒரு நெம்புகோல். இழுத்தா 50 காசு கொட்டும். ரூமுக்குள்ள வந்ததும் பழைய நெலமைய கொண்டுவர இழுக்குற ஃபங்ஷனையே கூப்பிட்டேன். ஒரு பய கண்டுபிடிச்சு உள்ள வெளிய உள்ள வெளியன்னு போய் வந்து, கடையில இருந்த எல்லாத்தையும் வாங்கிட்டான். நடக்குறது வேற, நடந்து முடிஞ்ச மாதிரி காட்டுறது வேற.

இன்னொண்ணு, `id`ய கையால எழுதுங்க. நான் மொதல்ல `get_path()`ஐயே `id`யா வச்சேன், அப்புறம் `Door2`ன்னு இருந்ததை அழகா பேர் மாத்துனேன், பழைய சேவ்ல தொறந்த கதவெல்லாம் பூட்டிக்கிச்சு. கையால எழுதுனாலும் ஒரு பொறி இருக்கு. Ctrl+D போட்டு கதவ காப்பி பண்ணா `id`யும் சேந்து காப்பி ஆகும். ஸ்டோர் ரூம் கதவ தொறந்தா க்ளைமாக்ஸ் ரூம் கதவும் தானா தொறந்து கெடந்துச்சு எனக்கு. கண்டுபிடிக்க மூணு நாள். இப்ப டெஸ்ட் பண்ணும்போது ஒரே சீனுக்குள்ள ஒரே `id` ரெண்டு தடவ வந்தா எர்ரர் காட்டுற மாதிரி வச்சிருக்கேன், வேற வேற சீன்ல வந்தா அதுவும் புடிக்காது, அதனால `id`க்கு முன்னாடி ரூம் பேரையும் சேத்துக்கிறது.

டிக்ஷனரி மெமரியிலதான் இருக்கும், ஃபைல்ல எழுதலன்னா கேமை மூடுனதும் சேது அண்ணன் கததான்.

பரவை_பாண்டி

எல்லாத்துக்கும் ஞாபகம் குடுக்கணும்னு கெளம்பிராதீங்கய்யா. நான் அப்படித்தான் பண்ணேன். பொட்டிய தள்ளி சுவிட்ச் மேல வைக்கிற ரூமு, பொட்டி எங்க நிக்குதுன்னு கூட எழுதி வச்சேன், பெருமையா வேற இருந்துச்சு. என் தங்கச்சி பொட்டிய மூலையில தள்ளிட்டா. தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. வெளிய போயிட்டு வந்தா அதே மூலையில பொட்டி. அந்த ரூமு மறந்திருந்தா அவ தப்பிச்சிருப்பா. இப்ப பொட்டிய மறக்க விட்டுட்டேன், புதிர் முடிஞ்சுச்சா இல்லையாங்கிறத மட்டும் வச்சிருக்கேன்.

மல்லி

@தூங்காநகர்87 என் ஸ்கிரிப்ட் ஓடுதுன்னுதானே சொன்னேன், நாப்பது கதவு எனக்கு எதுக்கு, என் கேம்ல இருக்குறதே மூணு.

வைகைக்கரை

தூங்காநகர் அண்ணே, போட்டுப் பாத்தேன், ஓடுது. சமையக்கட்டுக்கு போயிட்டு வந்தா கதவு தொறந்தே இருக்கு, சத்தமும் வரல.

ஆனா அத்தை பையனோட பழைய சேவ் ஃபைல் என்கிட்ட இருக்கு. அதுல சாவி எடுத்தாச்சுன்னு இருக்கு, கையில 0, கதவு பத்தி ஒண்ணுமே இல்ல. அத லோடு பண்ணா இன்னமும் மாட்டிக்கிட்டுதான் நிக்கிறான்.

தூங்காநகர்87

லோடு பண்ணும்போது கணக்கு பாருங்க. எடுத்த சாவிலேர்ந்து கையில இருக்குறத கழிச்சா எத்தன கதவு தொறந்திருக்கணும்னு வரும். கொறைஞ்சா நீங்களே தொறந்து விடுங்க.

வைகைக்கரை

அதான் சிக்கலு. மாடி ரூமுக்கும் அதே சாவிதான்ணே, எந்தக் கதவுக்கும் எந்தச் சாவியும் போடலாம். எத்தன கதவுன்னு தெரியும், எந்தக் கதவுன்னு எப்படித் தெரியும்?

பரவை_பாண்டி

கதவ விடு, சாவிய கையில குடுத்துரு. எதத் தொறக்கணும்னு அவனே பாத்துக்கட்டும்.

சிம்மக்கல்_சேது

அந்தப் பையன் மறுபடி வெளையாட வந்தானாப்பா?

வைகைக்கரை

இல்லண்ணே. வைகையாத்துல கிரிக்கெட்டு.